2, 3, 5, 8, ? - 12 போட்டா மார்க் உண்டா?

அம்மாபேட்டை அக்கா: மாடல் டெஸ்ட்ல 2, 3, 5, 8, ? கேட்டோம். கீ 13. ஆப்ஷன்ல 12-உம் இருக்கு. ஒரு பொண்ணு 12 போட்டு, ஓரத்துல "1, 2, 3 கூட்டியிருக்கு, அடுத்து 4"னு எழுதியிருக்கா. மார்க் போடலாமா?

அஞ்சு ரோடு: கூடவே கூடாது. முன்னாடி ரெண்டையும் கூட்டினா அடுத்தது. இது தெரியாம என்னத்தைப் படிச்சா?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு: கீயை மூடி வச்சுட்டு அவ விதியை ஓட்டிப் பாருங்க. 2+1=3, 3+2=5, 5+3=8. நாலு எண்ணும் வந்துருச்சு. உங்க விதியில 2, 3 ரெண்டையும் அப்படியே எடுத்துக்கணும், சோதிக்க மிச்சம் 5, 8 மட்டும்தான். அவளுது மூணு இடத்துல நிக்குது. இதுல யாரு படிக்கலை?

அஞ்சு ரோடு: அப்படிப் பார்த்தா 100 போட்டவனுக்கும் ஒரு விதி கிடைக்கும். அவனுக்கும் மார்க்கா? கீ 13.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு: கிடைக்கும். அவ தொடரோட (n-1)(n-2)(n-3)(n-4)/24-ஐ 88 மடங்கு கூட்டினா முதல் நாலும் அசையாது, அஞ்சாவது 100 ஆயிடும். ஆனா அந்த 88 விடையைப் பார்த்துட்டுத் திணிச்சது. 1, 2, 3 கேள்வியிலயே கிடக்கு. எதுவும் எழுதாம 12 போட்டவங்களைக் கூப்பிட்டு அடுத்த ரெண்டு எண் கேளுங்க. 17, 23 சொன்னா விதி தெரிஞ்சு போட்டிருக்காங்க. முழிச்சா குத்துமதிப்பு.

ஏற்காட்டான்: 2, 3, 5 பகா எண்ணுங்க. 8 அச்சுப்பிழை, அது 7. விடை 11. எங்க பையனுக்கும் இப்படித்தான் ஒரு மார்க் போச்சு.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு: கொடுத்த எண்ணையே திருத்தினாத்தான் பொருந்தும்னா அது விதியே இல்லைங்க.

அஞ்சு ரோடு: செவ்வாய்ப்பேட்டைக்காரர் போன மாசம் தேதிக் கணக்குலயும் ரெண்டு விடைன்னு நின்னாரு. இவருக்கு எல்லாத்துக்கும் ரெண்டு விடைதான்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு: அதுல வருஷமே கொடுக்கலை, லீப் வருஷமான்னு எப்படித் தெரியும்? அதையும் நீங்க ஒத்துக்கலை.

அம்மாபேட்டை அக்கா: அது கிடக்கட்டும் சார். அடுத்த தடவை இதை எப்படிக் கேக்கறது?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு: 2, 3, 5, 8, ?, 21-னு கேளுங்க. 12 போட்டா அடுத்தது 17, 21 வராது. 13 போட்டா 8+13=21. அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி வித்தியாசம், வித்தியாசத்தோட வித்தியாசம், பெருக்கு, முந்தின ரெண்டோட கூட்டல்னு நாலையும் ஓட்டுங்க. ரெண்டு விடை வந்து ரெண்டும் ஆப்ஷன்ல இருந்தா, ஒண்ணை எடுத்துடுங்க. இந்தத் தடவை 12, 13 ரெண்டுக்கும் மார்க். கேள்வியையே தூக்கிட்டா சரியா போட்டவங்களுக்கும் நட்டம்.

ஏற்காட்டான்: 7-ன்னு அடிச்சிருந்தா இந்தச் சண்டையே இல்லை.

அஞ்சு ரோடு: ரேங்க் லிஸ்ட் ஒட்டியாச்சு. இப்ப 12-க்கு மார்க் போட்டா 13 போட்டவங்க கீழ இறங்குவாங்க. அவங்க வீட்டுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு: சொல்றேன். லிஸ்டைக் கிழிங்க.