கடைக்குப் பெயர் வேண்டும், நாளை மாலைக்குள் போர்டுக்குக் கொடுக்கணும்

மன்னை கார்த்தி:
நானும் மனைவியும் கடை போடுகிறோம். நாய் குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, தீனி விற்பது. மூன்று பெயர் யோசித்து வைத்திருக்கிறோம்: டெல்டா பெட் கேர், பாவ்ஸ் பாயிண்ட், காவேரி பெட் வேர்ல்ட். எது நல்லது? வேறு இருந்தாலும் சொல்லுங்கள். நட்பாகத் தோன்ற வேண்டும், மற்ற கடைகள் மாதிரி இருக்கக் கூடாது. அவசரம்.

திருவாரூர் ரேவதி:
எந்த ஊரில்? பூனைக்கும் உண்டா? குட்டிகளை விற்பீர்களா, இல்லை தீனியும் குளியலும் மட்டுமா? இது தெரியாமல் பெயர் எப்படிச் சொல்வது?

ஜெயா அக்கா:
எங்கள் வீட்டு ராஜபாளையம் குட்டிக்கு டைகர் என்று வைத்தோம், கூப்பிட்டவுடன் ஓடி வருவான். இரண்டு அசையில் முடிகிற பெயர்தான் நல்லது.

ரேவதி:
அக்கா, அவர் கேட்பது கடைக்கு.

பழைய உறுப்பினர்:
இதே கேள்வி இங்கே ஐந்தாறு முறை வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் தேடிப் படிப்பதே இல்லை. பெயரெல்லாம் இரண்டாம் விஷயம் தம்பி. முதலில் சிறு தொழில்களுக்கான உத்யம் தளத்தில் பதிவு செய்யுங்கள், பெயர் உங்களுடையதாகிவிடும், யாரும் தொட முடியாது.

போர்டு செல்வம், கும்பகோணம்:
பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில், அந்தக் கண்ணால் சொல்கிறேன். 'பெட்' என்று தமிழில் எழுதினால் அது மெத்தைக் கடை. தமிழில் ப ஒரே எழுத்து, வளர்ப்புப் பிராணிக்கும் படுக்கைக்கும் ஒன்றுதான். ஒரு கடைக்கு 'பெட் ஹோம்' என்று நானே எழுதினேன். முதல் வாரம் இரண்டு பேர் வந்து இலவம்பஞ்சு மெத்தை என்ன விலை என்று கேட்டார்களாம். பிறகு ஷட்டரில் நாய் படம் வரைந்து கொடுத்தேன். 'பாவ்ஸ்' இன்னும் மோசம். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது 'பாவம்' என்று படும். 'பாஸ்' என்று எழுதினால் முதலாளி.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் மாநிலத்தில் கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, வேறு மொழி 2 என்ற கணக்கில்தான் நாங்கள் எழுதுகிறோம். அதனால் தமிழ் எழுத்தில் பார்க்க நன்றாக இருக்கும் பெயரைத்தான் முதலில் தேட வேண்டும்.

கார்த்தி:
சொல்ல மறந்துவிட்டேன். மன்னார்குடி, ஹரித்ராநதிக் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. பூனையும் உண்டு. குட்டி விற்க மாட்டோம்.

கால்நடை உதவியாளர் மணிமாறன்:
'கேர்' வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்து நோயாளி வருவார். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் குளியல் மேசைக்கு வந்துவிடுவார்கள். பார்வோ வைரஸாக இருந்தால் அந்தக் கிருமி சோப்புத் தண்ணீரில் போகாது, ப்ளீச் போட்டுத்தான் துடைக்க வேண்டும். அதற்குள் அடுத்து வரும் தடுப்பூசி போடாத குட்டிக்கு ஒட்டிவிடும். மருத்துவமனை என்று நினைக்க வைக்காத பெயராக வையுங்கள்.

ரேவதி:
நான் தஞ்சாவூரில் ஒரு வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க், வழக்கறிஞரிடம் வேலை பார்க்கிறேன். பழைய உறுப்பினர் ஐயா சொன்னது பாதி சரி. உத்யம் பதிவு கடன், மானியத்துக்கு உதவும். பெயர் மீது உரிமை தராது. ஜிஎஸ்டியும் அப்படித்தான். அதற்கு வணிகக்குறிப் பதிவு வேண்டும். பொருளையும் சேவையையும் வகுப்பு வாரியாகத்தான் பதிவார்கள், உங்களுக்கு மூன்று வகுப்பு தொடும்: தீனி உங்கள் பெயரிலேயே பொட்டலம் போட்டால் 31, குளிப்பாட்டி முடி வெட்டுவது 44, கடையில் விற்பது 35. தனிநபருக்கு இணையத்தில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். எல்லாம் ஒரே நாளில் வேண்டாம், முதலில் 44 போதும்.

ஆனால் 'காவேரி பெட் வேர்ல்ட்' பதிவாவது கஷ்டம். காவேரி ஊர் முழுக்க எல்லோருடையது, மற்ற இரண்டு சொல்லும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்கின்றன. தொழிலோடு சம்பந்தமில்லாத சொல்தான் உங்களுக்கென்று நிற்கும்.

தமிழ்ச்செல்வன்:
அப்படியானால் ஞமலி! சங்கப் பாடல்களில் நாய்க்கு வரும் சொல். எவ்வளவு அழகு.

செல்வம்:
பலகையில் பத்துப் பேரில் எட்டுப் பேர் தடுமாறுவார்கள். பூனைக்காரர் எங்கே போவார்?

தமிழ்ச்செல்வன்:
நம் சொல்லை நாமே வாயில் வைக்காவிட்டால் யார் வைப்பார்கள்? எல்லாக் கடையும் ஆங்கிலத்தில் கிடக்கிறது.

பழைய உறுப்பினர்:
தமிழ்ப் பெயர் என்றால் மலிவுக் கடை என்று நினைப்பார்கள். விலை உயர்ந்த தீனி வாங்குபவர் ஆங்கிலப் பெயரைத்தான் தேடுவார்.

ஜெயா அக்கா:
நான் அப்படி நினைப்பதில்லை. எங்கள் டைகருக்குத் தீனி வாங்கும் இடம் அண்ணன் கடைதான், பெயரே ஞாபகம் இல்லை.

மணிமாறன்:
வாலாட்டி? வயலில் பனிக்காலத்தில் வாலாட்டிக் குருவி வரும், நாயும் வாலாட்டும்.

ரேவதி:
அழகாக இருக்கிறது. ஆனால் 'என்னிடம் வாலாட்டாதே' என்று திட்டுவதும் அதே சொல். பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். கடைப் பெயரைப் போனில் ஐந்து பேருக்குச் சொல்லி, மேப்ஸில் எப்படித் தேடுவார்கள் என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். இதை என் அலுவலகத்தில் கேட்டேன், வந்தது `Valatti`, `Vaalaatti`, `Walatty`. பஸ் இரைச்சலில் நிற்பவர் உங்களைக் கண்டுபிடிக்க மாட்டார்.

கார்த்தி, உங்கள் வீட்டில் நாய் இருக்குமே, பெயர் என்ன?

கார்த்தி:
குண்டுமணி. சின்ன வயதில் உருண்டையாக இருந்தாள், கண் மட்டும் கறுப்பாக. அம்மா வைத்தது.

ரேவதி:
இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! நாட்டு நாயைக் கூப்பிடும் 'மணி' அதற்குள்ளேயே இருக்கிறது. நாய்த் தீனிக்கும் குளியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பதிவுக்கும் அதுதான் பலம். வாடிக்கையாளர் கேட்டால் கதை சொல்லலாம்.

செல்வம்:
பலகையில் ஐந்தே எழுத்தில் முடிகிறது, பெரிதாக எழுதலாம். ஆனால் ஒரு சந்தேகம். குண்டுமணித் தங்கம் என்று நம் ஊரில் சொல்வோமே, நகைக்கடை என்று நினைப்பார்களோ? கீழே இரண்டாம் வரியில் 'நாய், பூனைக் குளியல், தீனி' என்று கட்டாயம் போட வேண்டும். பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வரியை விட்டால் மெத்தைக் கதைதான் நடக்கும்.

தமிழ்ச்செல்வன்:
இது ஏற்புடையது. ஞமலியும் நல்ல சொல்தான்.

பழைய உறுப்பினர்:
தேடிப் பார்க்காமல் போர்டு அடிக்காதீர்கள். பெயர் உங்களுக்குத்தான் என்று யார் சொன்னது?

ரேவதி:
அது சரிதான். `ipindia.gov.in` தளத்தில் வணிகக்குறித் தேடல் இலவசம். வகுப்பு 44, 31, 35 மூன்றிலும் எழுத்து ஒற்றுமையும் ஒலி ஒற்றுமையும் தனித்தனியாகத் தேடுங்கள். `Gundumani`, `Kundumani` இரண்டும் போட்டுப் பாருங்கள். விண்ணப்பித்ததும் பெயருக்குப் பக்கத்தில் TM போடலாம். வட்டத்துக்குள் R பதிவான பின்புதான், முன்னாலேயே போடுவது சட்டப்படி தவறு.

மணிமாறன்:
நகம் வெட்டும்போது என்ன பயன்படுத்தப் போகிறீர்கள்? ரத்தம் வந்தால் நிறுத்தும் பொடி வைத்திருக்கிறீர்களா? பெயரைவிட இதுதான் எனக்குக் கவலை.

பழைய உறுப்பினர்:
தலைப்பை விட்டு விலகுகிறது.

கார்த்தி (ஒன்பது நாள் கழித்து):
மன்னிக்கவும், வேலை. மூன்று வகுப்பிலும் தேடினோம், வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம். ஐந்து பேருக்குப் போன் போட்டதில் நால்வர் சரியாகத் தட்டினார்கள், ஒருவர் `Kundu Mani` என்று பிரித்தார், மேப்ஸில் அதையும் சேர்த்தோம். குண்டுமணி, கீழே நாய் பூனைக் குளியல் தீனி. செல்வம் அண்ணன் எழுதுகிறார். பொடி வாங்கியாச்சு மணிமாறன் அண்ணே.