ஜிஏடி பாதியா கொறஞ்சிருக்கு, இன்சுலின் ஆன்டிபாடி ஏறியிருக்கு, பொண்ணுக்கு சரியாகுதா மோசமாகுதா?

நிலாஅம்மா:
பொண்ணுக்கு 11 வயசு, 35 கிலோ, டைப் 1 சர்க்கரை கண்டுபிடிச்சு 14 மாசம் ஆச்சு. அப்ப ஜிஏடி ஆன்டிபாடி 180, இன்சுலின் ஆன்டிபாடி நெகடிவ். போன வாரம் நாங்களாவே லேப்ல மறுபடி எடுத்தோம், ஜிஏடி 95க்கு எறங்கிடுச்சு ஆனா இன்சுலின் ஆன்டிபாடி நல்லா பாசிடிவ்னு வந்திருக்கு. ஒன்னு கொறஞ்சா நல்லதுதானே, அப்ப இன்னொன்னு ஏன் புதுசா வருது, போடற ஊசியையே உடம்பு தாக்குதா? ஆறு மாசம் முன்னாடி நாளைக்கு 8 யூனிட் போதுமா இருந்துச்சு, இப்ப 22 போகுது. டாக்டர பாக்க இன்னும் மூணு வாரம் இருக்கு, தூக்கமே வரல.

கதிர்:
ஆன்டிபாடிதான் இன்சுலின் சுரக்கற பீட்டா செல்ல கொல்லுது, அது கொறஞ்சா தாக்குதல் கொறையுதுன்னு அர்த்தம், நல்ல செய்திதான். ரத்தத்த சுத்தம் பண்ணி ஆன்டிபாடிய எடுக்கற சிகிச்சை இருக்கு, கேட்டுப் பாருங்க.

சோதனைக்கூடம்:
கதிர் ப்ரோ, அங்கதான் தப்பு. ஜிஏடிங்கறது செல்லுக்கு உள்ள இருக்கற பொருள், வெளிய சுத்துற ஆன்டிபாடி உயிரோட இருக்கற செல்லுக்குள்ள போய் அத புடிக்க முடியாது. பீட்டா செல் தனக்குள்ள இருக்கற புரதத்த துண்டு துண்டா வெட்டி தன் மேற்பரப்புல ஏந்திக் காட்டும், அந்தத் துண்ட அடையாளம் கண்டு நேரா ஒட்டிக்கிட்டு கொல்றது டி செல்ங்கற வெள்ளை அணு. நான் ஸ்லைடுல பாத்திருக்கேன், கணையத்துல பீட்டா செல் கூட்டமா இருக்கற ஒரு தீவச் சுத்தி டி செல் மாதிரி லிம்போசைட் மொய்ச்சு உள்ள எறங்கிட்டிருக்கும், அதே தீவுல குளுக்ககான் சுரக்கற ஆல்பா செல் அப்படியே இருக்கும், கொஞ்சம் தள்ளி இருக்கற இன்னொரு தீவு தொடாம இருக்கும்.

டைப் 1 இருக்கற அம்மாவோட ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும், பொறந்தப்ப ரத்தத்துல இருக்கும், சில மாசத்துல மறைஞ்சிடும், அந்த ஆன்டிபாடியால குழந்தைக்கு சர்க்கரை வர்றதில்ல. இன்னொரு பக்கம், பி செல்லே இல்லாம பொறந்து ஆன்டிபாடி தயாரிக்கவே முடியாத ஒரு பையனுக்கு டைப் 1 வந்தத 2001ல எழுதி வச்சிருக்காங்க. அதனால ரத்தத்துலேந்து ஆன்டிபாடிய வடிச்சு எடுத்தாலும் டி செல் அதுபாட்டுக்கு வேலைய பாக்கும்.

நிலாஅம்மா, 180 லேந்து 95ங்கறத வச்சு நல்லதுன்னும் சொல்ல முடியாது கெட்டதுன்னும் சொல்ல முடியாது. இது டைப் 1தானான்னு முடிவு பண்ண ஒரு தடவ பாத்தாச்சு, அத்தோட அந்த டெஸ்டோட வேலை முடிஞ்சுது. இன்சுலின் ஆன்டிபாடி வந்தது ஊசியாலதான், ரெண்டு வாரத்துக்கு மேல இன்சுலின் போட்டா யாருக்கு வேணா வரலாம், பெரும்பாலும் அதனால தொந்தரவு இல்ல. உங்க கேள்விக்கு பதில் சொல்றது சி-பெப்டைட், உடம்பு சொந்தமா இன்சுலின் சுரக்கும்போது கூடவே வர்ற பொருள் அது, அது எடுத்தீங்களா?

மணி_34:
எனக்கு டைப் 2ன்னு சொல்லி ரெண்டு வருஷம் மாத்திரைதான், எடை எறங்கிட்டே போச்சு, அப்புறம் ஜிஏடி பாசிடிவ்னு தெரிஞ்சு இன்சுலினுக்கு மாத்துனாங்க. பாப்பாவுக்கும் எந்த டைப்னு உறுதி பண்ணிக்கோங்க சிஸ்டர்.

நிலாஅம்மா:
டைப் 1ன்னு உறுதியாயிடுச்சு அண்ணா, அதுல சந்தேகம் இல்ல. சி-பெப்டைட்டும் எடுத்தோம் சார், வெறும் வயித்துல 0.2, கீழன்னு போட்டிருக்கு. அப்ப எல்லாம் போயிடுச்சா?

சோதனைக்கூடம்:
அந்த நேரத்துல சர்க்கரை எவ்வளவு?

நிலாஅம்மா:
64. ஊசி கொஞ்சம் கூடிடுச்சு போல, ஜூஸ் குடுத்துதான் கூட்டிட்டு வந்தோம்.

சோதனைக்கூடம்:
அதான் விஷயம். 64ல நல்லா இருக்கற கணையமே வாய மூடிக்கும், அந்த 0.2வ வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. சாப்ட்டு ஒன்றரை ரெண்டு மணி நேரத்துல, சர்க்கரை ஏறியிருக்கும்போது ரெண்டையும் ஒரே ரத்தத்துல எடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. ஆனா 8 யூனிட் 22 ஆனத பாத்தா மிச்சமிருந்த செல்லும் கொறையுதுன்னுதான் தோணுது. 8ங்கறது கிலோவுக்கு கால் யூனிட்டுக்கும் கம்மி, அது ஹனிமூன் காலம், மிச்சமிருந்த செல் கொஞ்ச நாள் இன்சுலின் சுரந்த நேரம். இப்ப கிலோவுக்கு 0.6க்கு மேல வந்துட்டா. வயசுக்கு வர்ற நேரத்து ஹார்மோனும் இன்சுலின் தேவைய ஏத்தும், ரெண்டுல எது எவ்வளவுன்னு இங்கேந்து சொல்ல முடியாது. ஜிஏடி கொறஞ்சிடுச்சேன்னு இன்சுலின மட்டும் கொறைச்சிடாதீங்க, 64 மாதிரி எறங்கினா மூணு வாரம் காத்திருக்காம போன் பண்ணி டோஸ் கேளுங்க.

கதிர்:
சரி சார், ஏத்துக்கறேன். ஆனா பி செல்ல அழிக்கற ரிட்டுக்சிமாப் குடுத்தப்ப சி-பெப்டைட் கொறையறது கொஞ்ச நாள் மெதுவாச்சுன்னு படிச்சேனே?

சோதனைக்கூடம்:
அது உண்மைதான். பி செல் ஆன்டிபாடி மட்டும் செய்யல, புரதத் துண்ட டி செல்லுக்கு எடுத்துக் காட்டி உசுப்பியும் விடுது. ஆனா அந்தப் பலன் நிக்கல. நேரா டி செல்ல அடக்கற டெப்லிசுமாப், 2022ல அமெரிக்காவுல அனுமதிச்சது, சர்க்கரை முழுசா வெளிப்படறத சராசரியா ரெண்டு வருஷம் கிட்ட தள்ளிப் போட்டுச்சு. அது நோய் வெளிய வர்றதுக்கு முன்னாடி குடுக்கறது, பாப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிடுச்சு.

நிலாஅம்மா:
அவ தம்பிக்கு 5 வயசு, அவனுக்கு இந்த டெஸ்ட் எடுக்கலாமா சார்?

சோதனைக்கூடம்:
எடுக்கலாம், ஆன்டிபாடி டெஸ்டுக்கு நெஜமான உபயோகம் அங்கதான். ரெண்டு வகை ஆன்டிபாடி நிலைச்சு இருந்தா பத்து வருஷத்துல 10ல 7 பேருக்கு வருது, ஒன்னு மட்டும்னா ரொம்பப் பேருக்கு வர்றதே இல்ல. முன்னாடியே தெரிஞ்சா கீட்டோன் ஏறி மயங்கி விழற நெலமைக்குப் போகாம புடிக்கலாம். எடுக்கணுமா வேணாமாங்கறத நீங்களும் அவங்க அப்பாவும்தான் பேசணும்.

நிலாஅம்மா:
அவர் வேணாம்ங்கறார், தெரிஞ்சா தினமும் பயந்துட்டே இருக்கணும்னு. எனக்கு தெரியாம இருக்கறதுதான் பயமா இருக்கு. பொண்ண தூக்கிட்டு ஓடுனப்ப அவளுக்கு மூச்சு வாங்குனது இன்னும் காதுல கேக்குது.