ஒரே ஆவணக் கட்டில் இரண்டு 'வாரிசு சான்றிதழ்': படிவப் பெயர், சட்டப் பெயரை நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கோப்புக்காரி

நீதிமன்ற உத்தரவு, வங்கிக் கடிதங்கள், பதிவுத்துறைச் சான்றுகள் என்று ஆங்கிலத்தில் இருந்த ஒரு கட்டைத் தமிழாக்கித் தரும் வேலை வந்தது. அப்பா இறந்தபின் அவர் பெயரிலிருந்த வைப்புத்தொகையைப் பெறப் பிள்ளைகள் போட்ட மனு. வேறொருவர் செய்த தமிழாக்கம் ஒன்றும் கூடவே இருந்தது. அதில் இந்த வரி:

"மனுதாரர்களிடம் வாரிசு சான்றிதழ் உள்ளது என்பதாலேயே வாரிசு சான்றிதழ் தேவையில்லை என்றாகிவிடாது."

குடும்பத்தார் இதைப் படித்துவிட்டு மறுபடி தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். மூலத்தில் இரண்டு வெவ்வேறு ஆவணங்கள். ஒன்று 'லீகல் ஹேர்ஷிப் சர்டிஃபிகேட்'. தாசில்தார் தருவது, இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்வது. மற்றது 'சக்ஸெஷன் சர்டிஃபிகேட்'. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 372ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிபதியிடம் விண்ணப்பித்துப் பெறுவது. வங்கிப் பணம், பங்குகள் போன்றவற்றை வசூலிக்கும் அதிகாரம் அதில்தான் வருகிறது. நிலம், வீட்டுக்கு அது செல்லாது.

நான் முதல் வரியைத் தொடுவதற்கு முன் கட்டு முழுவதையும் புரட்டி, வரும் ஒவ்வொரு படிவப் பெயரையும் சட்டப் பெயரையும் தனித்தாளில் எழுதிக்கொண்டேன். எந்தப் பெயர் எதனோடு மோதும் என்று அந்தத் தாளில்தான் தெரிந்தது. தாசில்தார் தரும் சான்றில் அச்சிலேயே 'வாரிசு சான்றிதழ்' என்று தமிழ்ப்பெயர் இருக்கிறது. அதை மாற்ற எனக்கு உரிமையில்லை. ஆகவே மற்றதற்கு 'வாரிசுரிமைச் சான்றிதழ்' என்று வைத்து, இரண்டுக்கும் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ஆங்கிலப் பெயரைப் பக்கத்தில் கொடுத்தேன். அதற்குப் பிறகு தமிழ்ப்பெயர் மட்டும்.

இப்படி மோதும் பெயர்கள் வந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

குறிஞ்சி

எனக்கும் இதே குழப்பம்தான் அக்கா. என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்போடு மூலத்தையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அசலையே கொடுத்துவிட்டால் திரும்ப வருமா? சான்றொப்பமிட்ட நகல் போதுமா?

கோப்புக்காரி

தங்கை, நான் கேட்டது அசல் ஆவணத்தைப் பற்றி இல்லை. பெயரின் மூல வடிவத்தைப் பற்றி. உங்களுடையதற்கு, அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுக்கலாமா என்பதை, மூலத்தைக் கேட்ட அந்த அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அசலைக் கையைவிட்டு விடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

பெயரை மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் கட்சி. ஒலிபெயர்த்து விட்டால் மோதலே இல்லை. 'சக்ஸெஷன் சர்டிஃபிகேட்' என்றே எழுதுங்கள், வங்கியிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். புதிய குற்றவியல் சட்டங்களைப் பாருங்கள், தமிழ்ப் பத்திரிகைகள் பலவும் 'பாரதிய நியாய சன்ஹிதா' என்றுதானே எழுதுகின்றன?

முத்திரைத்தாள்

நீதிமன்ற மொழிபெயர்ப்பில் நெடுநாள் இருந்தவன். கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதி முக்கியமானதும்கூட.

பாரதிய நியாய சன்ஹிதா 2023இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் ஆங்கில உரையிலேயே பெயர் அப்படித்தான் இருக்கிறது. அதைத் தமிழாக்கினால் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் என்ன ஆகும் தெரியுமா? கொலைக்குத் தண்டனை பழைய சட்டத்தில் 302ஆம் பிரிவு, புதியதில் 103. பழைய சட்டத்தின் 103ஆம் பிரிவோ, சொத்தைக் காக்கும் தற்காப்பில் மரணம் விளைவிக்கும் உரிமை எதுவரை என்று சொல்வது. புதியதன் 302, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களின் வழக்குகள் இன்னும் பழைய சட்டத்தின்படியே நடக்கின்றன. ஒரே தீர்ப்பில் இரண்டு சட்டமும் வரும். பெயர் கலங்கினால் எண் பொய் சொல்லும். ஆகவே அங்கே ஒலிபெயர்ப்பே சரி, முதல்முறை மட்டும் பொருளைப் பக்கத்தில் தரலாம்.

ஆனால் அந்த நியாயத்தை வாரிசுரிமைச் சான்றிதழுக்கு நீட்ட முடியாது. அதன் ஆங்கிலப் பெயர் பொருளுள்ள சாதாரணச் சொற்கள். படிக்கப்போவது அந்தக் குடும்பம். அவர்களுக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில், அதற்கு அதிகாரபூர்வத் தமிழ்ப்பெயர் இருக்கிறதா? மத்தியச் சட்டங்களுக்கு 1973ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் வெளியிடப்படும் மாநில மொழி மொழிபெயர்ப்பு அந்த மொழியில் அதிகாரபூர்வ உரையாகக் கொள்ளப்படும். அப்படி ஓர் உரை வெளிவந்திருந்தால், அதன் முதல் பிரிவில் இருக்கும் பெயர்தான் பெயர். எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அது இல்லையென்றால் அந்தத் துறை தன் படிவத்தில் அச்சிடும் பெயர். அதுவும் இல்லாதபோதுதான் நானாக ஆக்குவேன். நானாக ஆக்கிய பெயருக்குத்தான் மூலம் பக்கத்தில் இருப்பது கட்டாயம், ஏனென்றால் வேறெங்கும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஆண்டையும் விடக்கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் உண்டு, 2019இலும் உண்டு. பெயர் அப்படியே, உள்ளே வேறு.

கோப்புக்காரி

ஐயா, இன்னொன்று. மூலப்பெயரை அடைப்புக்குறிக்குள் எந்த இடத்தில் வைப்பீர்கள்? ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு இல்லை, அவர்களுக்குப் பெயர் எப்போதும் முழுசாக நிற்கிறது. நமக்கு 'சட்டம்' உடனே 'சட்டத்தின்', 'சட்டத்தால்' ஆகிவிடுகிறது.

முத்திரைத்தாள்

பலர் 'இந்திய வாரிசுரிமைச் சட்டம் [மூலப்பெயர்]-இன் 372ஆம் பிரிவு' என்று எழுதுகிறார்கள். உருபு ஆங்கிலப் பெயருக்குப் பின்னால் தனியாகத் தொங்கும். சத்தமாக வாசித்தால் நாக்கு அங்கே தடுக்கும். இரண்டு வழி எனக்குச் சரிப்படுகிறது:

"இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் [மூலப்பெயர், 1925] 372ஆம் பிரிவின்கீழ்..."

"இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 [மூலப்பெயர்] என்னும் சட்டத்தின் 372ஆம் பிரிவின்கீழ்..."

முதலாவது சுருக்கம். இரண்டாவதில் பெயர் உருபேற்காமல் முழு வடிவில் நிற்பதால் முதல் குறிப்புக்கு அதையே விரும்புகிறேன். பிறகு வரும் இடங்களில் உருபு தாராளமாக ஏறட்டும். அடைப்புக்குறியை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வாக்கியம் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் இடம் தவறு.

'தி ஆக்ட்' என்று பெரிய எழுத்தில் மட்டும் வருவதையும் கவனிக்க வேண்டும். நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. உத்தரவில் ஒரே பத்தியில் இரண்டு சட்டம் பேசப்பட்டால் 'மேற்படி சட்டம்' எதைக் குறிக்கும்? அங்கே நான் 'வாரிசுரிமைச் சட்டம்' என்று குறும்பெயரைத் திரும்ப எழுதிவிடுவேன்.

தாழ்வாரம்

ஒரு நிறுவனத்தில் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. 'முதல்முறை மட்டும்' என்ற விதியில் நான் காணும் சிக்கல், எதன் முதல்முறை என்பது. மனு, இணைப்பு, உத்தரவு எல்லாம் ஒரே கோப்பாக வரும். மனுவில் ஒருமுறை மூலப்பெயர் போட்டாயிற்று என்று உத்தரவில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வங்கிக்கு உத்தரவு மட்டும்தான் போகும். தனியாகப் பிரிந்து போகக்கூடிய ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு முதல்முறை உண்டு என்று எங்கள் குழுவில் வைத்துக்கொண்டோம். தலைப்பில் பெயர் வந்தாலும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, உடல் பத்தியில் முதலில் வரும் இடத்தில்தான் மூலம்.

சரிபார்க்கும்போது தேடல் பொறியை நம்பி ஏமாறாதீர்கள். 'வாரிசுரிமைச் சான்றிதழ்' என்று தேடினால் 'வாரிசுரிமை சான்றிதழ்' என்று ஒற்று விட்டது அகப்படாது. 'சட்டம்' என்று தேடினால் 'சட்டத்தின்' வராது. நான் 'வாரிசு' என்று மட்டும் தேடி, வரும் ஒவ்வொன்றையும் மூலத்தோடு கண்ணால் ஒப்பிடுவேன். கோப்புக்காரி காட்டிய வரி அந்த நேரத்தில்தான் பிடிபடும்.

பெயரே எண்ணாக இருக்கும் படிவங்கள் இன்னும் மோசம். ஒரே கட்டில் இரண்டு 'படிவம் 16' பார்த்தேன். ஒன்று சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கு முதலாளி தந்தது. மற்றது பதிவுத்துறை தந்த, வில்லங்கம் ஏதுமில்லை என்னும் சான்று. 'வருமான வரிப் படிவம் 16', 'வில்லங்கமின்மைச் சான்று, படிவம் 16' என்று ஒவ்வொரு முறையும் முன்னொட்டோடு எழுதச் சொன்னேன். அங்கே 'ஒருமுறை போதும்' என்பது உதவாது.

வடமராட்சியான்

எங்கட பக்கம் நிலைமை வேற. இலங்கையில சட்டங்கள் சிங்களத்திலயும் தமிழிலயும் ஆக்கப்பட்டு ஆங்கில மொழிபெயர்ப்போட வரும். பெயர் ஏற்கெனவே தமிழில இருக்கு, நாங்கள் ஆக்கத் தேவையில்லை. பல சட்டங்களின்ர கடைசியில, இரண்டு உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் எண்டு ஒரு பிரிவும் இருக்கும்.

ஆனால் இந்தியாவிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எங்கட 'ஓர்டினன்ஸ்' எல்லாத்தையும் 'அவசரச் சட்டம்' எண்டு போட்டிருந்தார். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்றுக் கட்டளைச்சட்டம் இண்டைக்கும் நடப்பில இருக்கிற நிலையான சட்டம். 'அவசர' எண்டவுடன வாசிக்கிறவருக்கு அது தற்காலிகமானது போலத் தெரியும். ஆகவே மூலம் எந்த நாட்டுச் சட்டம் எண்டதை முதலில பாருங்கோ, பிறகு அந்த நாட்டுத் தமிழை எடுங்கோ.

கணக்குப்பிள்ளை

கட்டளைச்சட்டம் என்று எழுதினால் இங்கே படிப்பவருக்குப் புரியாதே அண்ணா?

வடமராட்சியான்

அதுக்குத்தானே தம்பி மூலப்பெயர் பக்கத்தில ஒருக்கா வாறது.

முத்திரைத்தாள்

கோப்புக்காரிக்கு இன்னும் ஒரு வார்த்தை. 'வாரிசு சான்றிதழ்', 'வாரிசுரிமைச் சான்றிதழ்' இரண்டும் கண்ணுக்கு நெருக்கமாக இருக்கின்றன. அவசரமாகப் படிப்பவர் 'உரிமை'யைத் தாண்டிப் போய்விடுவார். எங்களில் சிலர் 'இறங்குரிமைச் சான்றிதழ்' என்று எழுதுவதுண்டு. தொலைவிலிருந்தே வேறாகத் தெரியும்.

கோப்புக்காரி

யோசித்தேன் ஐயா. ஆனால் சட்டத்துக்கு 'வாரிசுரிமைச் சட்டம்' என்றும் அதன்கீழ் வரும் சான்றிதழுக்கு 'இறங்குரிமை' என்றும் வைத்தால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறதே. சட்டத்தின் பெயரையும் மாற்றலாம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 என்ற பெயர் ஊரறிந்தது. அதைத் தொட மனம் வரவில்லை. இப்போதைக்கு 'நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றிதழ்' என்று முன்னொட்டு சேர்த்திருக்கிறேன். மூலத்தில் இல்லாத சொல் என்பதால், நான் சேர்த்தது என்று முதல் இடத்தில் அடிக்குறிப்பும் போட்டிருக்கிறேன்.

தாழ்வாரம்

சான்றளித்த மொழிபெயர்ப்பு என்றால் எங்கள் பக்கம் அந்த முன்னொட்டை ஏற்க மாட்டோம். மூலத்தில் இல்லாத சொல் உடலில் வரக்கூடாது. அடிக்குறிப்பில் 'நீதிமன்றம் வழங்குவது' என்று சொல்லிவிட்டு, உடலில் 'வாரிசுரிமைச் சான்றிதழ்' என்றே விடுங்கள்.

முத்திரைத்தாள்

குடும்பம் படித்துத் தெரிந்துகொள்ள மட்டும் என்றால் முன்னொட்டு இருக்கட்டும் அம்மா. முத்திரையும் கையெழுத்தும் வைத்துத் தருவதென்றால் தாழ்வாரம் சொல்வதைக் கேளுங்கள். எதற்காகக் கேட்டார்கள்?

கோப்புக்காரி

இரண்டுக்கும். நாளைக்கு அவர்களிடம் கேட்டுவிட்டு, தேவையென்றால் இரண்டு பிரதியாகத் தருகிறேன்.