நனைஞ்ச ஜீன்ஸ் கல்லு மாதிரி கனக்குது, மழையில நடக்க எந்த பேண்ட்?

மதுரைக்காரன்_07
சனிக்கிழமை நடக்கப் போறோம், மழை இருக்கு. போன தடவை ஜீன்ஸ் நனைஞ்சு தொடையில சில்லுனு ஒட்டிக்கிச்சு, காலைத் தூக்கவே முடியல. தண்ணி ஒட்டாத ஸ்ப்ரே அடிச்சா போதுமா, வேற பேண்ட் வாங்கணுமா? சீக்கிரம் சொல்லுங்க.

காட்டுவழி
எந்த ஊரு? எத்தனை மணி நேரம்? மேல குடையா ரெயின்கோட்டா?

சிவா_டீக்கடை
இறுக்கமான ஜீன்ஸால ரத்த ஓட்டம் குறையுது, அதான் சில்லுனு இருக்கு. ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, சரியாயிடும்.

நூல்பட்டறை
லூசா போடுறது நல்லதுதான், ஆனா காரணம் ரத்த ஓட்டம் இல்ல. தண்ணி காத்தைவிட இருபது மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். ஈரத்துணி தோல்ல ஒட்டினா நடுவுல இருந்த காத்து போயிடுது, தொடைச் சூடு நேரா துணிக்குப் போகுது. லூசா இருந்தா ஒட்டுற இடம் குறையும், அவ்வளவுதான்.

கனத்துக்குக் காரணம் பருத்தி. தண்ணி நூலுக்கு இடையில மட்டும் நிக்காது, இழைக்குள்ளயே இறங்கி அதை ஊத வைக்கும். அதனாலதான் துணி விறைச்சு முட்டி மடங்க மாட்டேங்குது. ஜீன்ஸைக் காய்ஞ்சபடி ஒரு தடவை, நனைச்சு நல்லாப் பிழிஞ்சு ஒரு தடவை தராசுல வைங்க. பிழிஞ்ச பிறகும் எவ்வளவு கூடியிருக்குன்னு தெரியும். அத்தனையையும் ஒவ்வொரு அடிக்கும் தூக்குறீங்க.

பழம்பெரும்_உறுப்பினர்
மழைக்காலம் வந்தா இதே கேள்வி. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. நூல்பட்டறை முக்கியமானதை விட்டுவிட்டார்: ஆவியாதல். ஒரு மணி நேரத்தில் 100 மில்லி தண்ணீர் துணியிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 67 வாட் வெப்பம் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் உண்டாக்குவதே 100 வாட் அளவுதான். கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நூல்பட்டறை
கணக்கு சரி ஐயா. ஆனா அந்த 67-ம் உடம்புல இருந்தே போகாது, ஒரு பங்கு காத்துல இருந்தும் வரும். நடக்கும்போது உடம்பு நிறைய சூடு உண்டாக்குறதால தாங்கிடும். டீ குடிக்க நின்னா அஞ்சு நிமிஷத்துல நடுக்கம் வர்றது அதனாலதான்.

ரேவதி_சேலம்
புது ஜீன்ஸ்னா சாயமும் போகும். முதல் தடவை தனியா ஊற வைங்க.

காட்டுவழி
அக்கா, அவர் துவைக்கக் கேக்கல 🙂 மதுரை தம்பி, ஊரைச் சொல்லுங்க.

மதுரைக்காரன்_07
கொடைக்கானல். வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவி இறங்கி ஏறணும். முட்டி வரைக்கும் ரெயின்கோட் இருக்கு.

காட்டுவழி
அந்த ரெயின்கோட்தான் பாதி வில்லன். மேல விழுற தண்ணி அத்தனையும் அதோட கீழ் விளிம்புல சேர்ந்து முட்டியில கொட்டும். ஜீன்ஸ் அங்கிருந்து தண்ணியை மேல இழுத்து, நனையாத தொடையையும் நனைச்சிடும். ஸ்ப்ரே தூறலுக்குக் கொஞ்ச நேரம் தாங்கும். முட்டியிலும் தொடை உரசுற இடத்திலும் சீக்கிரம் தேஞ்சுடும், தையல் வழியா தண்ணி இறங்கும். அந்தக் காசை வீணாக்காதீங்க.

மெல்லிசான பாலியஸ்டர் இல்ல நைலான் டிராக் பேண்ட் போதும். அதுவும் நனையும், ஆனா இழை தண்ணியை அவ்வளவா குடிக்காது. உதறினா பெரும்பகுதி போயிடும், நடக்க நடக்கக் காயும். கடையில மூணு விஷயம் பாருங்க. உள் லேபிள்ல பருத்தி இருக்கக் கூடாது. உள்ளே பனியன் துணி லைனிங் இருக்கான்னு கையை விட்டுப் பாருங்க. வெளியே வழுவழுன்னு இருந்தாலும் அந்த லைனிங் ஜீன்ஸ் வேலையைத்தான் செய்யும். இடுப்புல நாடா கட்டாயம், வெறும் எலாஸ்டிக் ஈரத்துல இறங்கும்.

சிவா_டீக்கடை
எதுக்கு இவ்வளவு? அரை டிராயர் போட்டா நனைய துணியே இல்ல. வேட்டியை மடிச்சுக் கட்டி மலை ஏறுறவங்க இல்லையா?

காட்டுவழி
அட்டை இருக்கு சாமி அந்தப் பாதையில. பேண்டோட அடியை சாக்ஸுக்குள்ள விட்டாத்தான் தப்பிக்கலாம்.

சிவா_டீக்கடை
மூக்குப்பொடியும் உப்பும் எதுக்கு இருக்கு?

பழம்பெரும்_உறுப்பினர்
மழையில் உப்பு எவ்வளவு நேரம் காலில் நிற்கும் என்று யோசித்தீர்களா?

சிவா_டீக்கடை
வேப்பெண்ணெய் கலந்து தடவணும், சும்மா தூவக் கூடாது.

நூல்பட்டறை
அட்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. தம்பி, பேண்டுக்கு மேல போடுற ரெயின் பேண்ட் வாங்குற யோசனை இருந்தா, வெள்ளகவி ஏத்தத்துல உள்ளேயே வேர்த்து நனைஞ்சிடும். நிக்கிற இடத்துல மட்டும் போட்டுக்க, பையில வைங்க. தொடை உரசுற இடத்துல கிளம்பும்போதே வாசலைன் தடவுங்க. காய்ஞ்ச பேண்ட் ஒண்ணு பிளாஸ்டிக் கவர்ல கட்டி வண்டியிலயே இருக்கட்டும்.

காட்டுவழி
ஏத்தத்துலயும் ரெயின் பேண்ட் போடலாம், பக்கவாட்டு ஜிப் முழுசா திறக்குறதா இருந்தா.

நூல்பட்டறை
கொட்டுற மழையில ஜிப்பைத் திறந்தா அப்புறம் அது எதுக்கு?

மதுரைக்காரன்_07
டிராக் பேண்ட் வாங்கியாச்சு, லைனிங் இல்ல. உதறினா தண்ணி போகுது. நன்றி எல்லாருக்கும்.

காட்டுவழி
நாடா இருக்கா?