பெரியப்பச்சிக்குத் துணை இருக்கும் முறை: திருத்திய பட்டியல்

எல்லோருக்கும் வணக்கம்.

கோட்டையூர் பெரியப்பச்சிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இன்று ஆறாம் நாள். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நான் போட்ட முறை, எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று, மூன்றாம் நாளே ஆட்டம் கண்டுவிட்டது. இரவு 10 மணிக்கு இறங்குகிறவர் மதுரையில் எங்கே போய்ப் படுப்பார்? இனி காலை 7, மாலை 7 என்று இரண்டே மாற்றம். பக்கத்து லாட்ஜில் ஒரு அறை எடுத்தாயிற்று. மாலை 4 முதல் 6 வரை பார்க்க வருகிறவர்களில் ஒருவர் கட்டிலருகே இருந்தால், பகலில் இருப்பவர் போய்க் குளித்துக் கண்ணயரலாம். (ஹார்லிக்ஸ் வேண்டாம். ஏற்கெனவே நான்கு பாட்டில் கிடக்கிறது, அவருக்கோ சர்க்கரை.)

செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லவேண்டும். நர்ஸ் 12.30க்கு இன்சுலின் போட்டுவிட்டார். காரைக்குடியிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு வந்து சேர்ந்தது 1.40க்கு. அதற்குள் பெரியப்பச்சிக்கு வேர்த்துக்கொட்டிக் கை நடுங்கியிருக்கிறது. ஆச்சியையே யாரென்று கேட்டிருக்கிறார். மயக்க மருந்தின் மிச்சம் என்று ஆச்சி பேசாமல் இருந்துவிட்டார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54க்கு இறங்கியிருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கால் மணி கழித்துப் பார்த்தபோது 96.

அதனால் தூக்கை முதலில் நர்ஸிடம் காட்டுங்கள், அப்புறம் ஊசி. முறை மாறும்போது நோட்டில் ‘சாப்பிட்டார்’ என்று மட்டும் எழுதாமல், ‘இரண்டு இட்லி, மூன்றாவதில் பாதி’ என்று எழுதுங்கள். பாதிதான் இறங்கியது என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே நர்ஸுக்குத் தெரியவேண்டும்.

---

துபாய் அத்தான்:

மாப்பிள்ளை, இவ்வளவு எதற்கு? சாப்பாடு தாமதமென்றால் அன்றைக்கு ஊசியே வேண்டாமென்று சொல்லிவிட்டால் போயிற்று.

---

குவைத் சின்னம்மை:

அத்தான் சொல்வது பாதி சரி. சாப்பாட்டுக்கு முன் போடுகிற ஊசியைத் தட்டு வரும்வரை நிறுத்தி வைக்கலாம். இரவு படுக்கும்போது போடுவது வேறு மருந்து, அது ஒரு நாள் முழுக்க வேலை செய்வது. அதை நாமாக நிறுத்தினால் காலையில் சர்க்கரை எகிறும், தையல் ஆறாது. இருபது வருஷம் வார்டில் பார்த்தவள் சொல்கிறேன், எதையும் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். இன்னொன்று: காலையில் வருகிறவர் வந்தவுடன் இரவு இருந்தவர் ஓடிவிடக் கூடாது. டாக்டர் வந்து போகும்வரை இருவரும் இருக்கட்டும். இரவில் எத்தனை முறை எழுந்தார், எங்கே வலித்தது என்பதெல்லாம் இருந்தவருக்குத்தானே தெரியும்.

---

சென்னை அண்ணன்:

என் மாமியாருக்கு நாங்கள் ஆளே வைத்துவிட்டோம். மாசத்துக்கு எவ்வளவு ஆகுமென்று வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.

---

அண்ணே, மாசக்கணக்கு இல்லை, இன்னும் நான்கைந்து நாள்தான். ஞாயிறு இரவுக்கு மட்டும் இன்னும் ஆள் இல்லை. பள்ளத்தூர் தம்பியைக் கேட்டேன், கடை இருக்கிறது என்றான். வேறு யார்?