"சம்பள ஈடு" என்று ஒரு வரி: எஃப்.சி. கணக்குத் தணிக்கை அனுபவங்கள்

தணிக்கையாளர், திருச்சி

மாணவிகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஓர் அறக்கட்டளையின் கணக்கில் கண்டதைப் பகிர்கிறேன். வெளிநாட்டு நன்கொடை டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்.சி. கணக்கில், அதாவது வெளிநாட்டுப் பங்களிப்புக்கான தனிக் கணக்கில்தான் வந்தது. அங்கிருந்து ஊரில் உள்ள செலவுக் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். அதுவரை குறையில்லை. அந்தச் செலவுக் கணக்கின் ஜூலை ஸ்டேட்மென்டில் மட்டும் 3,10,000 ரூபாய் அறக்கட்டளையின் உள்ளூர் நிதிக் கணக்குக்குப் போயிருந்தது. "சம்பள ஈடு" என்று ஒரே வரி.

டெல்லியிலிருந்து பணம் மாற்றத் தாமதமானதால், ஜூன் சம்பளத்தை உள்ளூர்ப் பணத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொண்டோம் என்றார் கணக்காளர். சம்பளப் பட்டியலையும் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திட்டத்தின் ஆசிரியைகளுக்குப் போனது 2,40,000. மேலாளருக்கும் கணக்காளருக்கும் 45,000. மீதி 25,000 அதே அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தின் சமையல்காரருக்கும் காவலாளிக்கும். நன்கொடையாளரின் ஒப்பந்தக் கடிதத்தில் முதியோர் இல்லம் என்ற பேச்சே இல்லை.

இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒரு பைசாவும் யார் பைக்கும் போகவில்லை. ஆனால் செலவுக் கணக்கிலிருந்து ஆசிரியைகளுக்கு நேரடியாகச் சம்பளம் போயிருந்தால், அந்த 25,000 இதற்குள் நுழைந்திருக்கவே முடியாது.

அறக்கட்டளைக் கணக்காளர், மதுரை

எஃப்.சி. கணக்கில் வேறு பணம் போடக் கூடாது என்பதுதானே வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் சொல்வது? இங்கே பணம் வெளியே மட்டும்தான் போயிருக்கிறது. பிரிவு 17 மீறப்படவில்லையே.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர், சென்னை

உள்ளே வந்த பணத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் வெளிநாட்டுப் பணத்துக்கெனத் தனிக் கணக்கேடுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி 11. உள்ளூர்க் கணக்கில் கலந்த பிறகு எந்த ரூபாய் எங்கே போனது என்று எதைக் காட்டுவீர்கள்? மேலாளரின் சம்பளத்தையும் கவனியுங்கள். அது நிர்வாகச் செலவு. ஆண்டில் வந்த வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 2020 திருத்தத்துக்கு முன் அது 50 சதவீதமாக இருந்தது. ஆசிரியைகளின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. அதனால்தான் பல அமைப்புகளில் அலுவலக ஊழியரைத் திட்ட ஊழியர் என்று எழுதிவிடும் ஆசை வருகிறது. நான் பணி நியமனக் கடிதத்தைக் கேட்பேன். பட்டியலில் உள்ள பதவிப் பெயரை நம்பமாட்டேன்.

கோயில் திருப்பணிக் குழு உறுப்பினர், காரைக்குடி

எங்கள் அறக்கட்டளைக்கு எஃப்.சி. பதிவு இல்லை. என் அண்ணன் கனடாவிலிருந்து வந்தபோது 50,000 ரூபாயை இங்குள்ள தன் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பினார். ரூபாய்தானே, அதனால் கேள்வி வராது என்று நினைத்தோம்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர், சென்னை

எந்த நாணயம் என்பது பொருட்டே இல்லை. கொடுத்தவரின் குடியுரிமைதான் கேள்வி. அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனடியக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவர் சட்டப்படி வெளிநாட்டவர். ரசீதோடு பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா?

கோயில் திருப்பணிக் குழு உறுப்பினர், காரைக்குடி

இல்லை. இன்றிரவே கேட்கிறேன். அவர் குடியுரிமை மாற்றிவிட்டார் என்றுதான் ஞாபகம்.

தணிக்கையாளர், திருச்சி

அப்படியானால் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கியிருக்கவே கூடாது. செலவு செய்யாமல் வைத்திருங்கள். இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டரை நேரில் பாருங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 25,000 ரூபாயை உள்ளூர்க் கணக்கிலிருந்து செலவுக் கணக்குக்குத் திருப்பிப் போடலாமா என்று அறங்காவலர்கள் கேட்டார்கள்.

அறக்கட்டளைக் கணக்காளர், மதுரை

போட்டுவிட்டால் தீர்ந்ததே!

ஓய்வுபெற்ற தணிக்கையாளர், சென்னை

போட்டால் உள்ளூர்க் கணக்கிலிருந்து எஃப்.சி. செலவுக் கணக்குக்கு வந்த வரவாகத்தான் அது ஸ்டேட்மென்டில் நிற்கும். இப்போதுதான் பிரிவு 17 பற்றிய கேள்வியே எழும். அதனால் நான் திருப்பிப் போடச் சொல்லமாட்டேன். நடந்ததை அறங்காவலர் கூட்டக் குறிப்பில் பதிந்து, நன்கொடையாளருக்கு எழுதி, உள்துறை அமைச்சகத்துக்கு ஆண்டுதோறும் தரும் எஃப்.சி.4 படிவத்துக்கான சான்றிதழில் வெளிப்படையாகச் சொல்லச் சொல்வேன்.

தணிக்கையாளர், திருச்சி

எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. திரும்பி வருவது அதே வெளிநாட்டுப் பணம்தான். தவறாகப் போனது தன் இடத்துக்கு வருவதை எப்படி வேறு நிதி என்பது? மாற்றத் தேதி, தொகை, காரணம் மூன்றையும் எழுதி ஆவணப்படுத்தினால் போதும் என்று நினைக்கிறேன். டிசம்பர் 31க்குள் படிவம் போக வேண்டும். இப்படித் திருப்பிப் போட்டு, பிறகு உள்துறை அமைச்சகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.