அமெரிக்க ஐபோனில் இருக்கும் மில்லிமீட்டர் அலை 5ஜி நமக்கு உதவுமா?

திருவான்மியூர்_2: அடுத்த மாதம் டல்லாஸிலிருந்து அத்தான் வருகிறார். அங்கே விற்கும் ஐபோனில் மில்லிமீட்டர் அலை 5ஜி இருக்கிறதாம், இங்கே விற்பதில் இல்லையாம். அதற்காகவே அவரிடம் சொல்லி வாங்கலாமா?

பரங்கிமலை: தாராளமாக வாங்குங்கள். 2022 ஏலத்திலேயே ஜியோவும் ஏர்டெல்லும் மில்லிமீட்டர் அலையான 26 கிகாஹெர்ட்ஸை வாங்கிவிட்டன. ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் n258 என்ற பேண்ட் உண்டு. நம் 26 அதற்குள்தான் வருகிறது. நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிற போன். நாளைக்கே சேவை வந்தால் நீங்கள் தயார்.

டவர்_வேலை: பேண்ட் கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. அந்த அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். சுவரை விடுங்கள், போனைப் பிடித்திருக்கும் உங்கள் கையே அதை மறித்துவிடும். அதனால்தான் போனின் ஓரங்களில் தனியாக ஆன்டெனா வைக்கிறார்கள். கம்பத்துக்கும் போனுக்கும் நடுவே ஒன்றும் இல்லாவிட்டால் சில நூறு மீட்டர் போகும், வீட்டுக்குள் நுழைந்தால் அவ்வளவுதான்.

தென் கொரியாவைப் பாருங்கள். 2018இல் மூன்று நிறுவனங்களும் 28 கிகாஹெர்ட்ஸ் வாங்கின. ஆளுக்கு 15,000 நிலையங்கள் அமைக்க வேண்டும் என்பது நிபந்தனை. யாரும் கிட்டக்கூட வரவில்லை. 2022 இறுதியில் கேடி, எல்ஜி யூப்ளஸ் இரண்டின் உரிமமும் போனது, 2023 மே மாதம் எஸ்கே டெலிகாமுக்கும் அதே கதி. சாம்சங்கின் சொந்த ஊர்க் கதை இது!

சிகாகோ_குளிர்: ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். வெரிசோன் 2019இல் இதைத் தொடங்கிய இரண்டு ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பும்போது இதன் அருமை தெரியும். ஆனால் மைதானத்தை விட்டு இரண்டு தெரு நடந்தால் சாதாரண 5ஜிதான், அதில் எனக்குக் குறை எதுவும் தெரிந்ததில்லை.

மாம்பலம்_மாமி: எனக்கும் இதே பிரச்சினைதான். 5ஜி என்று காட்டுகிறது, கூடத்தில் உட்கார்ந்தால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனில் இந்த மில்லிமீட்டர் இல்லாததுதான் காரணமா?

டவர்_வேலை: இல்லை மாமி, உங்களுடையது வேறு. உங்கள் சிம் ஜியோவா? ஐபோன் என்றால் `*3001#12345#*` போட்டு, கூடத்தில் எந்த பேண்ட் என்று பாருங்கள். வெளியே n78, உள்ளே n28 என்று காட்டினால் விடை கிடைத்துவிட்டது. n78இல் ஜியோவுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அகலம். சுவர் தாண்டும் n28இல், அதாவது 700 மெகாஹெர்ட்ஸில், அகலம் வெறும் 10. இரண்டுக்கும் மேலே அதே 5ஜி அடையாளம்தான். n78இன் 3.3 கிகாஹெர்ட்ஸே திணறுகிற கூடத்துக்குள் 26 எப்படி வரும்?

மாம்பலம்_மாமி: சிம் ஜியோதான். போன் ஐபோன் இல்லையே.

டவர்_வேலை: அப்போது அந்த எண் வேலை செய்யாது. பேண்ட் காட்டும் செயலி ஏதாவது போட்டுப் பாருங்கள். அல்லது பால்கனியில் ஒரு தடவை, கூடத்தில் ஒரு தடவை வேகத்தைச் சோதியுங்கள்.

பரங்கிமலை: ஏலத்தில் பணம் கொட்டியவர்கள் சும்மாவா வைத்திருப்பார்கள்?

டவர்_வேலை: கொட்டினார்களா? நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸின் அடிப்படை விலை 3.3 கிகாஹெர்ட்ஸில் 317 கோடி. 26இல் 7 கோடிக்கும் சற்றுக் குறைவு. எதை நம்பித் தொழில் நடக்கிறது என்று அந்த விலையே சொல்கிறது. மொட்டைமாடியில் அசையாமல், டவரைப் பார்த்தபடி நிற்கும் வீட்டு இணையப் பெட்டிக்கு 26 பொருந்தும். அதை யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதில்லை.

வேகத்தையும் பாருங்கள். 2 ஜிபி விளையாட்டு இறங்க 500 எம்பிபிஎஸ்ஸில் 32 விநாடி, 2 ஜிபிபிஎஸ்ஸில் 8 விநாடி. அதுவும் அந்தப் பக்கத்து சர்வர் அவ்வளவு வேகமாகக் கொடுத்தால்.

சிகாகோ_குளிர்: அட, 2025இல் வந்த ஐபோன் ஏரில் அமெரிக்காவிலேயே இது இல்லை. வாங்கும்போது கடையில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பரங்கிமலை: சரி, இன்றைக்கு உதவாது என்று ஒத்துக்கொள்கிறேன். சேப்பாக்கம் மைதானத்தில் வைத்தால்?

டவர்_வேலை: வைத்தால் அங்கே உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஆன்டெனா இருந்தால் மட்டும் போதாது, நம் நிறுவனத்துக்கான அமைப்பை ஆப்பிளும் திறந்துவிட வேண்டும்.

திருவான்மியூர்_2: அப்போது விலை குறைவாக இருந்தால் மட்டும் அங்கே வாங்கச் சொல்கிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சிகாகோ_குளிர்: ஐபோன் 14 முதல் இங்கே விற்பதில் சிம் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். வீட்டில் பெரியவர்களுக்கு அடிக்கடி சிம்மைக் கழற்றி மாட்டிக் கொடுப்பவரா நீங்கள்?

திருவான்மியூர்_2: அம்மாவின் சிம் வாரம் ஒரு தடவை என் போனில்தான் இருக்கும். இங்கேயே வாங்கிக்கொள்கிறேன், அத்தான் பாதாம் கொண்டுவரட்டும்.